சக ஆசிரியர் குறித்த நெறிமுறைக் கவலையை எழுத்தில் தெரிவித்தல்

சக ஆசிரியர் குறித்த நெறிமுறைக் கவலையை எழுத்தில் தெரிவித்தல் என்பது, உடன் பணிபுரியும் ஒருவரின் நடைமுறை மாணவருக்குத் தீங்கு தருவதாகத் தோன்றும்போது, அதை விசாரிக்கும் அதிகாரம் உடையவருக்கு மட்டும், கண்டதைக் கண்டபடி, மந்தணமாக எழுதித் தருவதைக் குறிக்கும். அரசு அலுவலகக் கடிதங்களில் 'மந்தணம்' என்ற சொல், பெறுநர் மட்டுமே படிக்க வேண்டிய செய்தி என்னும் பொருளில் வழங்குகிறது.

இத்தகைய கவலை பெரும்பாலும் கடிதமாகப் பிறப்பதில்லை. அன்று மாலையே, கோபம் ஆறுவதற்குள், ஒரு தோழிக்கோ ஆசிரியர் குழுவுக்கோ அனுப்பும் வாட்சாப் செய்தியாகத்தான் அது முதலில் வெளிவருகிறது. அந்தச் செய்தியில் உண்மை இருக்கும். ஆனால் விசாரணைக்கு உதவும் வடிவில் இருக்காது. அதை எவ்வாறு மாற்றி எழுதுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

எடுத்துக்காட்டு நிகழ்வு

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் பகுதியில் உள்ள குருவிகுளம் ஊராட்சி ஒன்றியத்தைப் போன்ற ஒரு சிற்றூர்ச் சூழல் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி, ஏழெட்டு ஆசிரியர்கள், ஒருவரை ஒருவர் அறிந்த ஊர். கீழே வரும் நிகழ்வும் ஆட்களும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனை. எந்தப் பள்ளியையும் குறிப்பன அல்ல.

ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் இரவு 8.40 மணிக்குத் தன்னுடன் வேலை பார்க்கும் இன்னோர் ஆசிரியைக்கு அனுப்பிய செய்தி இது:

> அக்கா, அந்தக் கணக்கு சார் இன்னைக்கும் பையனைப் போட்டு அடிச்சிட்டாரு. கை வீங்கிப் போச்சு. எப்பவும் இதே வேலைதான். மனுசனா அவரு? வீட்டுல ஏதோ சண்டையாம், அதை இங்க வந்து பிள்ளைங்க மேல காட்டுறாரு. எச்.எம். டீச்சருக்கு எல்லாம் தெரியும், கண்டுக்கவே மாட்டாங்க. ஏழாப்பு படிக்கிறான்ல, தீப்பெட்டி ஆபீசுக்குப் போற அக்கா மகன், அவன்தான். பேசாம டிவிக்காரங்ககிட்ட சொல்லிடலாமான்னு இருக்கு.

எழுதியவரின் மனம் நல்ல மனம். பிள்ளை அடிபட்டதைக் கண்டு கொதித்திருக்கிறார். ஆயினும் இந்தச் செய்தி அப்படியே தலைமையாசிரியரின் மேசைக்குப் போனால் என்ன ஆகும்? கணக்கு ஆசிரியர் "என் வீட்டு விஷயத்தை இழுத்திருக்கிறார்" என்பார். தலைமையாசிரியர் "நான் கண்டுகொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறார்" என்பார். பேச்சு அந்த இரண்டிலேயே நின்றுவிடும். அடிபட்ட கையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

செய்தியைப் பிரித்துப் பார்த்தல்

மாற்றி எழுதும் வேலை, மொழியைத் திருத்துவதில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பதில் தொடங்குகிறது. விடை நான்கில் ஒன்றாக இருக்கும்: பார்த்தது, கேட்டது, ஊகித்தது, மதிப்பிட்டது.

"பையனைப் போட்டு அடிச்சிட்டாரு" என்ற முதல் வாக்கியமே இதில் சிக்கலானது. ஆசிரியை அடித்ததைப் பார்த்தாரா? இல்லை. மூன்றாம் பாடவேளையில் பக்கத்து வகுப்பிலிருந்து அடிக்கும் ஓசையைக் கேட்டார். மதியம் மாணவனின் கையைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டபோது மாணவன் சொன்ன விடையைக் கேட்டார். 'அடித்தார்' என்பது இம்மூன்றையும் சேர்த்து அவர் எடுத்த முடிவு. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் கடிதத்தில் இடம்பெற வேண்டியவை அந்த மூன்று செய்திகளே. முடிவெடுப்பது விசாரிப்பவரின் வேலை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டு, விசாரணையில் "நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்ற கேள்விக்கு விடையில்லாமல் போனால், உண்மையாகவே பார்த்தவையும் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும்.

"கை வீங்கிப் போச்சு" என்பது பார்த்தது. ஆனால் எந்தக் கை, எந்த இடம், எவ்வளவு என்று இல்லை. வலது உள்ளங்கையில் இரண்டு சிவந்த தடிப்புகள், கட்டைவிரலின் அடியில் சிறிய வீக்கம் என்று எழுதினால் மருத்துவர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இரண்டு நாளில் தடிப்பு மறைந்துவிடும். எழுத்து மட்டுமே மிஞ்சும்.

"எப்பவும்" என்ற சொல் இத்தகைய செய்திகளில் தவறாமல் வரும். அதைத் தேதிகளாக மாற்ற வேண்டும். யோசித்துப் பார்த்தால் ஆசிரியைக்கு இரண்டு முந்தைய நிகழ்வுகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்றை வராந்தாவில் போகும்போது நேரில் பார்த்தார்; நாளும் நினைவிருக்கிறது. மற்றொன்றை வேறோர் ஆசிரியர் சொல்லக் கேட்டார், நாள் தெரியாது. முதலாவது கடிதத்தில் சேரும். இரண்டாவது, அதைக் கண்டவர் தானே எழுத வேண்டியது. 'எப்பவும்' என்று எழுதி ஒன்றையும் நிறுவ முடியாமல் நிற்பதைவிட, 'இரண்டு முறை' என்று எழுதி இரண்டையும் உறுதியாகச் சொல்வது வலுவானது.

"வீட்டுல ஏதோ சண்டையாம்" என்பதில் உள்ள 'ஆம்' என்ற விகுதியே அது செவிவழிச் செய்தி என்று காட்டிக்கொடுக்கிறது. தமிழில் பிறர் சொன்னதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாமல் சொல்வதற்கு இவ்விகுதி உதவுகிறது. பேச்சில் அது வசதி. முறையீட்டில் 'ஆம்' முடிவு வரும் வாக்கியங்கள் அனைத்தையும் நீக்கிவிடலாம். ஒருவர் ஏன் அடித்தார் என்பது, அவர் அடித்தாரா என்ற கேள்விக்குத் தேவையே இல்லை. "மனுசனா அவரு?" என்பதும் அப்படித்தான்.

"எச்.எம். டீச்சருக்கு எல்லாம் தெரியும், கண்டுக்கவே மாட்டாங்க" என்பதற்குள் ஒரு மதிப்புமிக்க செய்தி புதைந்துகிடக்கிறது. முந்தைய நிகழ்வுக்கு மறுநாள் காலை ஆசிரியை அதைத் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். அந்த நாளும் பேச்சும் கடிதத்தில் இருக்க வேண்டும். 'கண்டுகொள்ளவில்லை' என்பது தேவையில்லை. இரண்டு தேதிகளை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அது தானாகவே புரியும்.

பெயரில்லாமலே அடையாளம் தெரிவது

மேலே உள்ள செய்தியில் மாணவன் பெயர் இல்லை. ஆனால் "ஏழாம் வகுப்பு, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அக்கா மகன்" என்றால் ஊரில் ஒருவர்கூடத் திகைக்கமாட்டார். நகரத்துப் பள்ளியில் பெயரை நீக்கினால் ஓரளவு மறையும். சிற்றூரில் தாயின் வேலை, தெரு, வகுப்பு ஆகியவற்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் பெயர் எழுதியதற்குச் சமம். சாதிப் பெயரோ தெருப் பெயரோ சேர்ந்தால், அடிபட்ட பிள்ளையின் செய்தி வேறொரு சண்டையாகத் திரியும் ஆபத்தும் உண்டு.

ஆகவே கடிதத்தில் மாணவரை 'ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர்' என்று மட்டும் குறித்து, பெயரையும் சேர்க்கை எண்ணையும் தனித்தாளில் எழுதி உறைக்குள் வைப்பது நல்ல முறை. கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும்போது தனித்தாள் அதனுடன் போக வேண்டியதில்லை.

பிள்ளையின் கையைத் தன் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதையும் தவிர்ப்பது நல்லது. படம் சான்றாக வேண்டுமென்றால் மருத்துவமனைப் பதிவே அதைவிட வலுவான சான்று. கைப்பேசிப் படம் ஒருமுறை அனுப்பப்பட்டால் திரும்பி வராது. 'அனைவருக்கும் நீக்கு' என்று வாட்சாப்பில் அழித்தாலும், அதற்குள் எடுக்கப்பட்ட திரைப்படிவம் அழியாது; 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி அங்கே நின்று மேலும் ஆவலைத் தூண்டும்.

யாரிடம் சொல்வது: சட்டம் காட்டும் வேறுபாடு

ஒரே வாக்கியம், யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் கண்ணில் வேறாகிறது. அவதூறு குறித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் பல விதிவிலக்குகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அவை தொடர்கின்றன. அவற்றுள் ஒன்று, குற்றம் சாட்டப்படுபவர் மீது அந்தப் பொருளில் சட்டப்படி அதிகாரம் உடையவரிடம் நல்லெண்ணத்துடன் முறையிடுவது அவதூறாகாது என்கிறது. தலைமையாசிரியரிடமோ வட்டாரக் கல்வி அலுவலரிடமோ எழுதுவதற்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. முப்பது பேர் உள்ள குழுவில் பதிவிடுவதற்கு இது கிடைக்காது.

இங்கே 'நல்லெண்ணம்' என்பதற்கு, மனத்தில் கெட்ட நோக்கம் இல்லை என்பது மட்டும் பொருளன்று. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்யப்பட்ட எதுவும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதாகாது என்பது சட்டத்தின் வரையறை. எனவே பார்த்ததையும் கேட்டதையும் பிரித்தெழுதும் பொறுமை, எழுதுபவரையும் காக்கிறது.

தொலைக்காட்சிக்குச் சொல்வது பற்றியும் ஒரு சொல். அரசுப் பணியில் இருப்பவர் ஊடகங்களுடன் பேசுவதற்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 கட்டுப்பாடு விதிக்கின்றன. அடித்தவர் மீதான விசாரணை, சொன்னவர் மீதான விசாரணையாக மாறுவதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

அடிப்பது குறித்த சட்டம் தெளிவானது. இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு உடல்சார்ந்த தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மீறுபவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. 'படிக்க வைக்கத்தானே அடித்தார்' என்பது ஊரில் எடுபடும் வாதம். சில பெற்றோரே அப்படிச் சொல்வதுண்டு. அந்தப் பிரிவில் அதற்கு இடமில்லை.

மாற்றி எழுதிய கடிதம்

> மந்தணம்
>
> பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள் (தாமே பிரிக்க)
>
> நாள்: 11.07.2024
>
> பொருள்: 10.07.2024 அன்று நடந்த வகுப்பறை நிகழ்வு குறித்துத் தெரிவித்தல்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> 10.07.2024 புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். பக்கத்து அறையான ஏழாம் வகுப்பிலிருந்து அடிப்பது போன்ற ஓசை மூன்று அல்லது நான்கு முறை கேட்டது. அங்கு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. கால அட்டவணைப்படி அப்போது அவ்வகுப்பில் இருந்தவர் கணக்கு ஆசிரியர்.
>
> மதியம் சத்துணவு நேரத்தில் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் (விவரம் தனித்தாளில்) சாப்பிடாமல் தட்டைக் கீழே வைத்திருந்தார். அவருடைய வலது உள்ளங்கையில் இரண்டு சிவந்த தடிப்புகளையும், கட்டைவிரலின் அடியில் சிறிய வீக்கத்தையும் பார்த்தேன். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். "கணக்கு போடலன்னு சார் ஸ்கேலால அடிச்சாங்க டீச்சர்" என்று சொன்னார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. தாங்கள் அன்று கூட்டத்துக்குச் சென்றிருந்ததால், பொறுப்பில் இருந்த ஆசிரியரிடம் மாணவரை அழைத்துச் சென்று கையைக் காட்டினேன்.
>
> இதற்கு முன் 27.06.2024 அன்று பிற்பகல், அதே ஆசிரியர் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவரின் கையில் அளவுகோலால் இரண்டு முறை அடித்ததை வராந்தாவிலிருந்து நேரில் பார்த்தேன். அந்த மாணவர் யார் என்பதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் 28.06.2024 காலை தங்கள் அறையில் இதைத் தங்களிடம் வாய்மொழியாகத் தெரிவித்தேன்.
>
> ஆசிரியரின் விளக்கம் என்ன என்பது எனக்குத் தெரியாது. நான் அவரிடம் இதுபற்றிப் பேசவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைக் கருதி இதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.
>
> மாணவரின் கையை மருத்துவரிடம் காட்டவும், பெற்றோருக்குத் தெரிவிக்கவும், நிகழ்வு குறித்து விசாரிக்கவும் வேண்டுகிறேன். மாணவரின் பெயரும் என் பெயரும் விசாரணைக்குத் தேவைப்படுவோரைத் தவிர மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுகிறேன். நேரில் விளக்கம் தேவைப்பட்டால் தர அணியமாக உள்ளேன்.
>
> (கையொப்பம்)

வாட்சாப் செய்தியைவிடக் கடிதம் நீளமானது. ஆனால் குற்றச்சாட்டு அதில் குறைவு. 'பார்க்கவில்லை', 'கவனிக்கவில்லை', 'தெரியாது' என்று எழுதியவர் தன் அறிவின் எல்லையைத் தானே சொல்லிவிடுகிறார். இவ்வரிகள் கடிதத்தைப் பலவீனமாக்கும் என்று பலர் நீக்கிவிடுவார்கள். உண்மையில் இவைதான் மற்ற வரிகளை நம்பவைக்கின்றன.

மாணவனின் சொற்கள் பேச்சு வழக்கிலேயே விடப்பட்டிருப்பதையும் கவனிக்கலாம். "சார் ஸ்கேலால அடிச்சாங்க" என்பதை "ஆசிரியர் தன்னைத் தாக்கியதாக மாணவர் தெரிவித்தார்" என்று மாற்றினால் அது எழுதுபவரின் சொல்லாகிவிடும். கேட்ட கேள்வியும் எழுதப்பட்டுள்ளது. "கணக்கு சார் அடிச்சாரா?" என்று கேட்டிருந்தால், விடையைக் கேள்வியே ஊட்டிவிட்டது என்ற எதிர்வாதம் எழும். ஒரு முறை, ஒரு திறந்த கேள்வி போதும். பிள்ளையை மீண்டும் மீண்டும் கேட்பது அவனுக்கும் துன்பம், சான்றுக்கும் கேடு.

கணக்கு ஆசிரியரிடமே முதலில் பேசியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. பாடக்குறிப்பு எழுதாமை, நேரம் தவறுதல் போன்றவற்றில் அதுவே முறை. பிள்ளையின் உடலில் காயம் இருக்கும்போது, முன்கூட்டியே பேசுவது அந்தப் பிள்ளையிடம் "என்ன சொன்னாய்?" என்று கேட்க வழி திறந்துவிடும்.

மந்தணமும் மொட்டைக் கடிதமும்

பெயர் வெளியே வரக் கூடாது என்று நினைப்பவர்கள் பலர் மொட்டைக் கடிதம் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மொட்டைக் கடிதத்தில் எழுதியவர் யாரென்று பெறுநருக்கே தெரியாது. மேற்கொண்டு கேட்க ஆளில்லாததால் அது பெரும்பாலும் கோப்பிலேயே முடிந்துவிடும். மந்தணக் கடிதத்தில் பெறுநருக்குப் பெயர் தெரியும். அவருக்கு அப்பால் போகக் கூடாது.

அந்த 'அப்பால் போகக் கூடாது' என்பது உடைந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவில் அறியப்பட்ட நிகழ்வு சத்யேந்திர துபேயுடையது. பீகாரைச் சேர்ந்த துபே, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தில் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றினார். அப்பணியில் கண்ட முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமருக்குக் கடிதமாக எழுதினார். தன்னைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் வைத்து, பெயரை மறைத்துவைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். ஆனால் கடிதம் அவரது அடையாளத்துடனே அமைச்சகத்துக்கும் அங்கிருந்து ஆணையத்துக்கும் அனுப்பப்பட்டது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்பது சி.பி.ஐ.யின் முடிவு, 2010-இல் மூவர் தண்டிக்கப்பட்டனர். கொலைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, கேட்டுக்கொண்ட பின்னும் பெயர் கைமாறியது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

இந்நிகழ்வு எழுப்பிய கண்டனத்தின் தொடர்ச்சியாக, நடுவண் அரசு 2004 ஏப்ரல் 21 அன்று ஒரு தீர்மானம் வெளியிட்டு, இத்தகைய முறையீடுகளைப் பெறும் அமைப்பாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தை அமர்த்தியது. அதன் நடைமுறை, மந்தணம் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதற்கு நல்ல பாடம். முறையீடு மூடிய உறையில் இருக்க வேண்டும். உறையின் மேல் அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது. பெயரும் முகவரியும் கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ தனித்தாளிலோ மட்டும் இருக்க வேண்டும். கடிதத்தின் உடற்பகுதி, எழுதியவர் யார் என்று ஊகிக்க இடம் தரக் கூடாது. அதே வேளையில் பெயரில்லாத முறையீடு ஏற்கப்படாது.

இந்த ஏற்பாடு நடுவண் அரசுப் பணிகளுக்கும் அதன் நிறுவனங்களுக்கும் உரியது; ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியருக்கு நேரடியாகப் பொருந்தாது. உறை முறையைப் பின்பற்றலாம். கடைசி விதிதான் சிறு பள்ளியில் கடினம். 'பக்கத்து அறையில் இருந்தேன்' என்று எழுதியவுடனே எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். அதை நீக்கினால் சாட்சியமே இல்லை. எழுதுபவர் இதை அறிந்தே எழுத வேண்டியுள்ளது. விசாரணையின்போது தலைமையாசிரியர் கடிதத்தைப் படித்துக்காட்டாமல், "10-ஆம் தேதி மூன்றாம் பாடவேளையில் என்ன நடந்தது?" என்று கேட்டாலே போதும், பெயர் பெரும்பாலும் காக்கப்படும்.

கடிதம் எழுதக் காத்திருக்கக் கூடாத இடம்

பாலியல் தொல்லை என்ற ஐயம் எழுந்தால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ), 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததாக அறிந்தவர் எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும்கூட, காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பது அந்தக் கடமையைத் தீர்க்காது. தெரிவிக்கத் தவறுவது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. கீழ்ப்பணியாளரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்குத் தண்டனை கூடுதல். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவருக்கு அதே 19-ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது. குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவற்றையும் அழைக்கலாம். கடுமையான காயம் இருந்தாலும் முதலில் மருத்துவமனை, பிறகே காகிதம்.

கடிதம் கொடுத்த பின்

கடிதத்தை நேரில் கொடுத்து, படியில் பெற்றுக்கொண்ட நாளும் கையொப்பமும் வாங்கிக்கொள்வது வழக்கம். தலைமையாசிரியர் கையொப்பமிடத் தயங்கினால் விரைவு அஞ்சலில் அனுப்பலாம். தோழிக்கு அனுப்பிய செய்தியை என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். "அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம் அக்கா, எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி சொல்லி, அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது. கடிதத்தில் என்ன உள்ளது என்று அவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

விசாரணை தடம் மாறுவதை இரண்டு அடையாளங்களால் அறியலாம். மாணவனை, குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியர் எதிரிலேயே நிறுத்தி "அடித்தாரா?" என்று கேட்பது ஒன்று, எந்தப் பிள்ளையும் அங்கே உண்மை சொல்லாது. 'இரண்டு ஆசிரியர்களுக்கு இடையே மனத்தாங்கல்' என்று பேசி, இருவரையும் கைகுலுக்கவைத்து அனுப்புவது மற்றொன்று. சிற்றூர்ப் பள்ளிகளில் இந்தச் சமரசம் மிகவும் இயல்பாக நடக்கிறது, அதுவும் நல்ல மனத்துடனேயே. அதில் மாணவன் காணாமல் போய்விடுகிறான்.

அப்போது அடுத்த படி, நடுநிலைப் பள்ளியானால் வட்டாரக் கல்வி அலுவலர். அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். குறை தலைமையாசிரியர் மீதே என்றால் முதற்கடிதமே வட்டாரக் கல்வி அலுவலருக்குச் செல்லும். புதுக் கடிதத்தில் பழைய கடிதத்தின் நாளைக் குறிப்பிட்டு, அதன் பிறகு நடந்ததை மட்டும் சேர்த்தால் போதும். சொற்களைச் சூடாக்க வேண்டியதில்லை. இவற்றைத் தவிர, கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, குழந்தையின் உரிமை பற்றிய குறையை உள்ளாட்சி அமைப்பிடம் எவரும் எழுத்தில் தர வழிசெய்கிறது. இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அப்பிரிவு. அம்முடிவு நிறைவளிக்கவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். குருவிகுளம் போன்ற ஊரிலிருந்து ஆணையத்துக்கு எழுதும்போதும், மேலே கண்ட கடிதத்தின் படியையே, பெற்றுக்கொண்ட கையொப்பத்துடன் இணைக்கலாம்.